தோட்டக் கணக்கு – 7: நிழல்வலையைப் பிடித்து நிறுத்துவது எது?

30 அடி நீளம், 20 அடி அகலமுள்ள காய்கறித் தோட்டத்தை எடுத்துக்கொள்வோம். 10 அடிக்கு ஒரு தூண் என்றால் மூன்று வரிசையில் நாலு நாலாக 12 தூண்கள். 2 அங்குல ஜி.ஐ. பைப் 20 அடி நீளத்தில் வருவதால், 6 பைப் வாங்கிப் பாதியாக வெட்டினால் போதும்.

வலை வாங்கும்போது பலரும் கூரையை மட்டும் கணக்கிடுகிறார்கள். கூரைக்கு 600 சதுர அடி. நாலு பக்கமும் 8 அடி உயரத்துக்குத் தொங்கவிட்டால் அதற்கே 800 சதுர அடி வேண்டும். காசு இடிக்கிறது என்றால் மேற்குப் பக்கத்தை மட்டும் மூடுங்கள். கூரைக்குக் கீழே சாய்ந்து வந்து செடியை வாட்டுவது சாயங்கால வெயில்தான்.

இனி அஸ்திவாரம். வலைக்கு எடையே இல்லையே, காங்கிரீட் எதற்கு என்று கேட்பார்கள். பாரம் தாங்க அல்ல, ஆடிக் காற்று வலையைத் தூக்கும்போது தூண் பிடுங்கிக்கொள்ளாமல் இருக்கத்தான். 1 அடி சதுரம், 2 அடி ஆழக் குழியில் 2 கன அடி காங்கிரீட் பிடிக்கும். அதன் எடை ஏறக்குறைய 135 கிலோ. 12 குழிக்கும் 1:2:4 கலவையில் நாலு மூட்டைக்குச் சற்று மேல் சிமென்ட், 10 கன அடி மணல், 21 கன அடி ஜல்லி ஆகும். பைப்பின் அடியில் ஒரு கம்பித் துண்டைக் குறுக்கே வெல்டு வைத்துவிடுங்கள். வழவழப்பான பைப் காங்கிரீட்டிலிருந்து உருவிக்கொண்டு வராமல் அது தடுக்கும். காங்கிரீட்டின் தலையைத் தரைக்கு மேல் கொஞ்சம் உயர்த்தி, தூணிலிருந்து வெளிப்பக்கம் சரிவாகப் பூச வேண்டும். தண்ணீர் தேங்கினால் பைப் அந்த இடத்தில்தான் முதலில் துருப்பிடிக்கும்.

வரிசைக்கு வரிசை இழுத்துக் கட்ட 10 கேஜ் கம்பி 170 அடி போதும். ஆனால் இந்த 12 தூண்களில் இரண்டு மட்டுமே நடுவில் நிற்பவை. மற்ற பத்தும் ஓரத் தூண்கள். கம்பியின் இழுப்பு அவற்றை ஓயாமல் உள்ளே சாய்க்கப் பார்க்கும். அதற்கு எதிராக வெளியிலிருந்து ஸ்டே கம்பி கட்டியாக வேண்டும். மூலைத் தூண்களை இரண்டு பக்கமும் கம்பி இழுப்பதால் அவற்றுக்கு இரண்டிரண்டு, மற்ற ஓரத் தூண்களுக்கு ஒவ்வொன்று, ஆக 14 ஸ்டே. தூணிலிருந்து 5 அடி தள்ளி முளை அடித்தால் ஒவ்வொன்றுக்கும் 10 அடி கம்பி செல்லும். முடிச்சுகளையும் சேர்த்து 350 அடி, ஏறக்குறைய 7 கிலோ வாங்குங்கள். மணல்பாங்கான நிலத்தில் முளை நிற்காது. கம்பியைக் கருங்கல்லில் சுற்றி ஆழப் புதைக்க வேண்டும்.

காங்கிரீட் ஊற்றி 7 நாள் தண்ணீர் ஊற்றிய பிறகே கம்பியை முறுக்குங்கள். பலத்த காற்றடித்த மறுநாள் ஓரத் தூண்களின் காலடியைப் பாருங்கள். காங்கிரீட்டின் வெளிப்பக்கத்து மண் விரல் நுழையும் அளவுக்கு விலகியிருந்தால் தூண் உள்ளே சாயத் தொடங்கிவிட்டது. வலையைத் தளர்த்திவிட்டு, ஸ்டேயை முறுக்கித் தூணை நிமிர்த்தி, அப்போது உட்பக்கம் விழும் இடைவெளியில் மண்ணைப் போட்டு நன்றாக இடித்துவிட்டு, அதன்பின் வலையைக் கட்டுங்கள்.