பூட்ஸுக்குள் கணுக்கால்

ஜாசின் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பத்து பெரண்டாம் தொழிற்சாலைகளுக்குக் கப்சாயில் வேலைக்குப் போகிறவர்களின் கால்களைக் கவனித்திருக்கிறீர்களா, மாணவர்களே? சிலர் பால்மரம் வெட்டப் போடும் ரப்பர் பூட்ஸோடு, சிலர் தொழிற்சாலை சேஃப்டி பூட்ஸோடு, பலர் வெறும் செருப்போடு போவார்கள். 16 வயதில் நீங்களும் உரிமம் எடுக்கலாம் என்பதால் இந்த விஷயம் உங்களுக்கும் உரியதுதான்.

கப்சாயின் எடை ஏறக்குறைய 100 கிலோ. அது பக்கவாட்டில் சாயும்போது பாதம் வண்டிக்கும் தார் சாலைக்கும் நடுவே சிக்கிக்கொள்ளும். கணுக்காலின் இரு பக்கமும் புடைத்திருக்கும் எலும்பின்மேல் தோலைத் தவிர அநேகமாக வேறு எதுவும் இல்லை. முதல் அடி அங்கேதான் விழும். சேஃப்டி பூட்ஸின் இரும்பு முனை விரல்களைக் காக்கும், கணுக்காலைக் காக்காது. ரப்பர் பூட்ஸோ உயரமாக இருந்தாலும் துணிபோல மடங்கிவிடும்.

ஓட்டுநர் பூட்ஸுக்கென்றே ஐரோப்பாவில் இஎன் 13634 என்ற தர அளவு இருக்கிறது. அதன் சோதனை ஒன்றில் பூட்ஸின் அடிப்பாகத்தைக் குறுக்காக வைத்து நசுக்கிப் பார்க்கிறார்கள். கடையில் நீங்களும் அதைச் செய்யலாம். பாதத்தின் அகலமான இடத்தில் இரு கைகளாலும் பிடித்து அழுத்துங்கள். எளிதாக மடங்கினால் அந்த ஜோடி வேண்டாம். பிறகு கணுக்காலின் இரு பக்கமும் கெட்டியான கிண்ணம் போன்ற தகடு தட்டுப்படுகிறதா என்று தடவிப் பாருங்கள்.

ஆனால் கெட்டியாக இருந்தால் மட்டும் போதாது, கியர் மாற்றவும் வேண்டுமே! பெரும்பாலான கப்சாய்களில் கைக் கிளட்ச் கிடையாது. கியர் நெம்புகோலை மிதிக்கும்போது முதலில் கிளட்ச் விடுபடுகிறது, பிறகு கியர் மாறுகிறது. காலை எடுத்த பிறகுதான் கிளட்ச் மறுபடி பிடிக்கும். அடிப்பாகம் தடித்த பூட்ஸில் நெம்புகோல் முழுவதும் எழும்பிவிட்டதா என்பது காலுக்குத் தெரிவதில்லை. குதிகால் பின்மிதியில் லேசாகத் தங்கியிருந்தாலும் கிளட்ச் பாதி விடுபட்டே கிடக்கும். முறுக்கினால் என்ஜின் சத்தம் ஏறும், வேகம் ஏறாது. இது வண்டியின் கோளாறு என்று நினைத்துப் பட்டறைக்கு ஓடுவதற்கு முன், பூட்ஸைக் கழற்றிவிட்டு மெல்லிய காலணியோடு ஒரு சுற்று ஓட்டிப் பார்க்கலாம். கோளாறு மறைந்துவிட்டால் பூட்ஸ்தான் காரணம். பல்லுள்ள தண்டில் நெம்புகோலை ஒரு பல் தள்ளிப் பொருத்தினால் பல நேரங்களில் சரியாகிவிடும். கடைக்காரர் இரண்டு நிமிடத்தில் செய்துவிடுவார்.

அடுத்தது மழை. மழையில் ரப்பர் பூட்ஸை மிஞ்ச ஆளில்லைதான், ஆனால் வியர்வையும் உள்ளேயே தங்கிவிடும். நுண்துளைச் சவ்வு வைத்த பூட்ஸில் நீராவி வெளியேறும், மழைத்துளி நுழையாது. நம் ஊர்ப் புழுக்கத்தில் வெளிக்காற்றிலும் ஈரம் மிகுதி என்பதால் அந்தச் சவ்வு மெதுவாகத்தான் வேலை செய்யும். எந்த பூட்ஸானாலும் மழைக்காற்சட்டையின் விளிம்பு பூட்ஸின் மேலே வெளிப்புறமாக விழ வேண்டும். உள்ளே செருகினால் வழிகிற நீரெல்லாம் பாதத்துக்குத்தான் போகும்.

ஒழுகுகிறது என்று சந்தேகமா? உள்ளே நாளிதழைத் திணித்து, கணுக்கால் உயர நீருள்ள வாளியில் 20 நிமிடம் நிறுத்தி வையுங்கள். பிறகு தாளை எடுத்துப் பாருங்கள். ஈரம்பட்ட இடத்துக்கு அருகில் ஓட்டை இருக்க வாய்ப்பு அதிகம். காய வைக்கும்போது வெயிலும் அடுப்படியும் வேண்டாம். தோல் விறைத்துவிடும், பசை விட்டுவிடும். நிழலில் தாளை மாற்றி மாற்றித் திணித்து வைத்தாலே போதும்.