வங்கிக் கணக்கு மாறும்போது

ஒரு நிறுவனம் தன் வங்கிக் கணக்கை மாற்றும்போது அனுப்பும் கடிதமும் மோசடிக்காரர் அனுப்பும் கடிதமும் பார்வைக்கு ஒன்றாகவே இருக்கும். முத்திரையையும் கையெழுத்தையும் பழைய பில்லிலிருந்து எடுத்துவிடலாம். நிறுவனத்தின் மின்னஞ்சலுக்குள் புகுந்தவர் அதே முகவரியிலிருந்தே எழுதலாம். எனவே கடிதத்தை மட்டும் நம்பிப் பணம் அனுப்ப வேண்டிய நிலையில் வாடிக்கையாளரை வைக்கக் கூடாது.

ஜூலை 1 முதல் கணக்கை மாற்றும் ஒரு நூல் வியாபாரியை எடுத்துக்கொள்வோம். ஜூன் தொடக்கத்திலேயே அவர் அறிவிப்பு அனுப்புகிறார். அதில் மாறும் தேதி இருக்கிறது. புதிய கணக்கு எண் இல்லை. "உங்களிடம் ஏற்கெனவே உள்ள எங்கள் எண்ணுக்குப் பேசி உறுதி செய்துகொள்ளுங்கள்" என்ற வரி இருக்கிறது. அறிவிப்பிலேயே தொலைபேசி எண்ணைத் தருவது பெரிய தவறு. போலிக் கடிதத்தில் அந்த இடத்தில் மோசடிக்காரரின் எண்தான் இருக்கும்.

பிறகு வாடிக்கையாளர் முதலில் ஒரு ரூபாய் அனுப்பி, வியாபாரியிடம் அதே பழைய எண்ணில் கேட்டு, வந்து சேர்ந்ததை உறுதி செய்கிறார். இந்தியாவில் நெஃப்ட், ஆர்டிஜிஎஸ் முறைகளில் கணக்கு எண்ணை வைத்தே பணம் வரவாகிறது. கட்டளையில் எழுதிய பெயர் பொருந்தாவிட்டாலும் பணம் போய்விடலாம். அனுப்பும் முன் கணக்குதாரர் பெயரைப் பார்க்கும் வசதியை 2025 ஏப்ரலுக்குள் தரும்படி ரிசர்வ் வங்கி வங்கிகளைப் பணித்தது. அதையும் பயன்படுத்தலாம்.

பழைய கணக்கைச் சில மாதங்களாவது திறந்து வைப்பது நல்லது. அப்போது சந்தேகப்படும் வாடிக்கையாளர் அவசரமின்றிக் காத்திருக்கலாம். "பழைய கணக்கு முடங்கிவிட்டது, இன்றே அனுப்புங்கள்" என்று கடிதம் நெருக்கினால் அதுவே எச்சரிக்கை. பணம் போய்விட்டால் உடனே வங்கிக்கும் 1930 என்ற எண்ணுக்கும் தெரிவிக்க வேண்டும்.