விடை தெரிந்தும் மதிப்பெண் போகும் இடங்கள்

கேட் தேர்வில் மூன்று மணி நேரத்தில் 65 கேள்விகள். ஒரு கேள்விக்கு மூன்று நிமிடம்கூட முழுதாகக் கிடைக்காது. சொந்தக் கால்குலேட்டரை உள்ளே கொண்டுபோக முடியாது. திரையில் திறக்கும் கால்குலேட்டரைத்தான் மவுஸால் தட்ட வேண்டும். ஆனாலும் பலர் மாதக்கணக்கில் கையடக்க கால்குலேட்டரில் கணக்குப் போட்டுப் பழகிவிட்டு, திரையில் இருப்பதைத் தேர்வு மையத்தில்தான் முதன்முறையாகத் தொடுகிறார்கள்.

அதில் என்ன சிக்கல் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். மின்தேக்கி ஒன்று மின்னேற்றம் பெறும் கேள்வியில், கடைசியில் 10(1 − e⁻⁰·⁴) என்று வந்து நிற்கிறது. விடையை இரண்டு தசமத்துக்குத் தர வேண்டும். திரைக் கால்குலேட்டரில் முதலில் எண், பிறகுதான் செயல்பாடு. 0.4 அழுத்தி, +/- தட்டி, அதன்பின் eˣ பொத்தானைத் தட்டினால் 0.67032 வரும். அதை ஒன்றிலிருந்து கழித்துப் பத்தால் பெருக்கினால் 3.2968, அதாவது 3.30.

அதே பலகையில் Exp என்று இன்னொரு பொத்தானும் உண்டு. பெயரைப் பார்த்து அவசரத்தில் கை அங்கேதான் போகும். ஆனால் அது பத்தின் அடுக்கைப் போடுவதற்கானது: 2, Exp, 3 என்று அழுத்தினால் 2000. வீட்டில் ஒருமுறை ஏமாந்தவர் மறுமுறை ஏமாறமாட்டார்.

கோணக் கணக்குகளில் தவறு இன்னும் நைசாக நுழையும். கால்குலேட்டர் திறக்கும்போது Deg தேர்வாகியிருக்கும். கேள்வியோ 10 sin(0.5) என்று ரேடியனில் இருக்கும். Rad பக்கம் மாற்றினால் 4.79, மாற்றாவிட்டால் 0.087. கொள்குறிக் கேள்வி என்றால் நான்கு விருப்பங்களில் எதுவும் பொருந்தாமல் தவறு தெரிந்துவிடும். எண்ணையே விடையாகத் தட்டச் சொல்லும் கேள்வியில் எச்சரிக்க எதுவும் இல்லை. கால்குலேட்டரில் வந்த எண்ணைக் கேள்விக்குக் கீழே இருக்கும் தனி எண்பலகையில் மறுபடி தட்ட வேண்டும் என்பதால், இலக்கங்கள் இடம் மாறவும் வாய்ப்பு உண்டு. கேள்வியை மறைக்காத மூலைக்குக் கால்குலேட்டரை இழுத்து வைத்துக்கொள்வது சின்ன வேலைதான், ஆனால் எந்த மூலை என்பதை மாதிரித் தேர்விலேயே முடிவு செய்துகொள்ளலாம்.

அடுத்தது வலப்பக்கத்தில் இருக்கும் கேள்வி எண்களின் பட்டியல். சேமித்த விடைக்குப் பச்சை, பார்த்துவிட்டு விடை தராமல் விட்டதற்குச் சிவப்பு, மறுபார்வைக்குக் குறித்ததற்கு ஊதா. மாணவி ஒருவர் 23-ஆம் கேள்விக்கு விருப்பத்தைத் தேர்ந்தெடுத்துவிட்டு, 31-ஐப் பார்க்கலாமென்று பட்டியலில் அந்த எண்ணை நேரடியாகத் தட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். 23-இன் விடை சேமிக்கப்படாது. "Save & Next" அல்லது "Mark for Review & Next" அழுத்தினால்தான் அது பதிவாகும். தேர்வின் அறிவுரைப் பக்கத்திலேயே இது எழுதியிருக்கிறது. அந்தப் பக்கத்தை யார் நின்று படிக்கிறார்கள்!

ஊதாவிலும் இரண்டு வகை. விடையைத் தேர்ந்தெடுத்து மறுபார்வைக்குக் குறித்தால் ஊதாவோடு ஒரு பச்சைக் குறியும் சேர்ந்து வரும். திரும்பிப் பார்க்காமலே நேரம் முடிந்தாலும் அந்த விடை திருத்தலுக்குப் போகும். வெறும் ஊதா என்றால் விடையே இல்லை. இந்த வித்தியாசம் தெரிந்தவர் இரண்டு விதமாகக் குறிப்பார்: கணக்கு வந்துவிட்டது, ஆனால் சரிபார்க்க வேண்டும் என்றால் விடையோடு, எதுவும் புரியவில்லை என்றால் விடையில்லாமல். ஊகித்த விடையோடு குறித்து மறந்துவிட்டால், இரண்டு மதிப்பெண் கொள்குறிக் கேள்வியில் மூன்றில் இரண்டு பங்கு மதிப்பெண் கழியும். எண் விடைக் கேள்விகளுக்குக் கழிவு இல்லை என்பதால் அங்கே தோராய விடையைப் போட்டுக் குறித்து வைப்பதில் இழப்பில்லை. இருபது கேள்விகளை ஊதாவாக்கி வைப்பவருக்குக் குறிப்பதால் பலன் எதுவும் இல்லை. கடைசிப் பத்து நிமிடத்தில் மூன்று நான்கு கேள்விகளைத்தான் மறுபடி தொட முடியும்.

மாதிரித் தேர்வில் இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. ஒவ்வொரு கேள்விக்கும் கேள்வி எண்ணையும் தேர்ந்த விடையையும் தாளில் எழுதிக்கொண்டே போவது. முடிந்ததும் திரையில் பதிவான விடைகளோடு ஒப்பிட்டால், பாடம் தெரியாமல் போனவை ஒரு பக்கமும் கை தவறிப் போனவை மறுபக்கமும் பிரிந்துவிடும். இரண்டாவது வகை குறைவதற்குப் பாடப் புத்தகத்தைப் புரட்டிப் பயனில்லை.

பயிற்சி நிறுவனங்களின் திரை அமைப்பும் உண்மைத் தேர்வின் அமைப்பும் எப்போதும் ஒன்றாக இருக்காது. கேட் இணையதளத்திலேயே மாதிரித் தேர்வு கிடைக்கும். ஒருமுறையாவது அதில், மடிக்கணினியின் டச்பேடை விட்டு மவுஸோடு, மூன்று மணி நேரமும் உட்கார வேண்டும். வேறு தேர்வுக்கு இதே பழக்கத்தைக் கொண்டுபோவதற்கு முன், குறித்த விடைகள் அங்கே திருத்தப்படுமா என்று அந்தத் தேர்வின் அறிவுரையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.