பின்னால் அல்ல, கீழே

போயிங் 747 ஒன்று தரையிறங்க வந்துகொண்டிருக்கிறது. அதற்கடுத்து வரிசையில் நான்கு பேர் உட்காரும் ஒரு செஸ்னா. ரேடார் திரையின் முன் இருக்கும் கட்டுப்பாட்டாளர் இரண்டுக்கும் நடுவே குறைந்தது 6 கடல் மைல் விடுவார். அதாவது சுமார் 11 கிலோமீட்டர். அதே செஸ்னா இன்னொரு செஸ்னாவின் பின்னால் வந்தால் 3 கடல் மைல் போதும். செஸ்னாவின் பின்னால் 747 வந்தாலும் அதே 3 போதும். பெரியது முன்னே, சிறியது பின்னே என்று வரும்போதுதான் இடைவெளி இரண்டு மடங்காகிறது. நெரிசலான விமான நிலையத்தில் ஓடுபாதையை ஒரு நிமிடம் சும்மா போட்டுவைப்பதே பெரிய செலவு. தெரிந்தேதான் அதைச் செய்கிறார்கள்.

காரணம், பெரிய விமானம் தனக்குப் பின்னால் விட்டுச்செல்லும் காற்றுச் சுழல். ஆங்கிலத்தில் வேக் டர்புலன்ஸ் என்பார்கள். நெடுஞ்சாலையில் லாரி ஒன்று உரசிக்கொண்டு போனால் இருசக்கர வண்டி ஆடுமே, அதுபோலத்தான் இதுவும் என்று நினைக்கத் தோன்றும். லாரி கிளப்பும் காற்று ஒரு நொடியில் அடங்கிவிடும். விமானம் விட்டுப்போகும் சுழலோ அமைதியான காற்றில் இரண்டு மூன்று நிமிடம்கூட உயிரோடு இருக்கும், அது போன பிறகு வருபவருக்காகக் காத்திருப்பதுபோல. இது இஞ்சினிலிருந்து வரும் காற்றும் அல்ல. இஞ்சினே இல்லாத கிளைடரும் தன் அளவுக்குச் சுழலை விட்டுத்தான் பறக்கிறது.

விமானத்தைத் தாங்கும் அதே விசையின் மறுபக்கம் இது. பறக்கும்போது இறக்கைக்குக் கீழே காற்றழுத்தம் அதிகம், மேலே குறைவு. கீழே உள்ள காற்று இறக்கையின் நுனியைச் சுற்றிக்கொண்டு மேலே ஏறப் பார்க்கிறது. விமானம் முன்னே ஓடிக்கொண்டிருப்பதால் அந்தச் சுற்று, பின்னால் நீளும் இரண்டு சுழற்குழாய்களாக உருள்கிறது. இடது இறக்கைக்கு ஒன்று, வலது இறக்கைக்கு ஒன்று. விமானம் எவ்வளவு கனமோ சுழலுக்கு அவ்வளவு பலம். வேகம் குறைந்தாலும் பலம் கூடும். கனமான விமானம் மெதுவாகப் பறக்கும் நேரம் எது? ஓடுபாதையை விட்டுக் கிளம்பும்போதும், தரையிறங்க வரும்போதும். சோதனைகளில் சுழலின் உட்பகுதியில் காற்று நொடிக்கு 300 அடிக்கு மேல் சுற்றியதாகப் பதிவாகியிருக்கிறது. மணிக்கு 330 கிலோமீட்டர் என்று வைத்துக்கொள்ளலாம்.

747-இன் இரு சுழல்களுக்கும் நடுவே ஏறக்குறைய 50 மீட்டர் இருக்கும். சிறு செஸ்னாவின் இறக்கை முழுவதும் சேர்ந்தே 11 மீட்டர்தான். ஆகவே அது போய் மாட்டினால் இறக்கை முழுவதும் ஒரே சுழலுக்குள் அடங்கிவிடும். ஒரு பக்க இறக்கையைக் காற்று மேலே தள்ளும், மறுபக்கத்தைக் கீழே அழுத்தும், விமானம் பக்கவாட்டில் உருளும். அதை நிமிர்த்த விமானியிடம் இருப்பது இறக்கையின் ஓரத்தில் உள்ள எய்லரான் பலகைகள். எய்லரானை முழுக்கத் திருப்பியும் சுழல் உருட்டும் வேகத்துக்கு ஈடுகொடுக்க முடியாமல் போவதுதான் ஆபத்து. பெரிய விமானத்தின் இறக்கையோ சுழலைத் தாண்டி வெளியே நீண்டிருக்கும். வெளியே இருக்கும் எய்லரானுக்குப் பிடிமானம் கிடைக்கும். அதுவும் ஆடும், ஆனால் பெரும்பாலும் கவிழாது. உயரத்தில் கவிழ்ந்தால் நிமிர்த்த நேரமாவது உண்டு. தரையிலிருந்து ஆயிரம் அடியில் அது இல்லை.

இனி வருவதுதான் பலர் கவனிக்காத விஷயம். இந்தச் சுழல் உருவான உயரத்திலேயே நிற்பதில்லை. இரண்டு சுழல்களுக்கும் நடுவில் காற்று கீழ்நோக்கிப் பாய்வதால் அந்த ஜோடி தன்னைத்தானே கீழே தள்ளிக்கொண்டு போகிறது. பெரிய விமானங்களுக்கு இது நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி. எனவே முன்னே போனவரின் பாதையிலேயே, அதே உயரத்தில், சற்றுத் தாமதித்து வருபவர் பெரும்பாலும் சுழலுக்கு மேலே பறப்பார். முன்னவரைவிடச் சில நூறு அடி தாழ்வாக வருபவர்தான் நேராகப் போய் அதில் விழுவார்.

1993 டிசம்பர் 15, கலிஃபோர்னியாவின் சான்டா அனா நகரில் உள்ள ஜான் வெய்ன் விமான நிலையம். மாலை ஐந்தரை மணி சுமார். குளிர்காலம் என்பதால் இருட்டிவிட்டது. போயிங் 757 ஒன்று தரையிறங்க வருகிறது. அதன் பின்னால் வெஸ்ட்விண்ட் என்ற சிறிய ஜெட். அதில் ஐந்து பேர். அவர்களில் ஒருவர் இன்-என்-அவுட் பர்கர் நிறுவனத்தின் தலைவர் ரிச் ஸ்னைடர். வானம் தெளிவாக இருந்ததால், ஓடுபாதையைக் கண்ணால் பார்த்து இறங்க வெஸ்ட்விண்டுக்கு அனுமதி கிடைத்தது. இந்த அனுமதியோடு ஒரு பொறுப்பும் கைமாறுகிறது. முன்னே போகும் விமானம் தெரிகிறது, பின்தொடர்கிறேன் என்று விமானி ஒப்புக்கொண்டதும், கட்டுப்பாட்டாளரின் மைல் கணக்கு விலகிவிடும். அதற்குமேல் எவ்வளவு தள்ளி வருவது என்பது விமானியின் பாடு.

வெஸ்ட்விண்ட் விமானிகள் அசட்டையாக இருந்தவர்கள் அல்ல. முன்னே ஒரு போயிங் போகிறது என்பதும் சுழல் வரலாம் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதைப் பேசிக்கொண்டது குரல்பதிவில் இருக்கிறது. முன்னெச்சரிக்கையாக, இறங்குசரிவைக் காட்டும் கருவியில் முள் ஒரு புள்ளி உயரம் காட்டும்படியே ஓட்டினார்கள். வழக்கமான சரிவைவிட மேலே இருந்தால் சுழலுக்கும் மேலே இருப்போம் என்ற கணக்கு.

அன்று 757 வழக்கமான சரிவில் வரவில்லை. உயரத்திலிருந்து செங்குத்தாக இறங்கிக்கொண்டிருந்தது. பின்னால் வருபவரின் கண்ணுக்குத் தெரிவது முன்னே போகும் விமானம் இந்த நொடியில் இருக்கும் இடம் மட்டுமே. தான் இப்போது கடக்கும் இடத்தை அது எந்த உயரத்தில் கடந்தது என்பது இருட்டில் இரண்டு விளக்குகளைப் பார்த்துச் சொல்லக்கூடிய விஷயமல்ல. பிறகு ரேடார் பதிவை வைத்துப் பார்த்தபோது கிடைத்த கணக்கு இது: வெஸ்ட்விண்ட் 757-க்கு 2.1 கடல் மைல் பின்னால் இருந்தது. 757 போன பாதைக்கு ஏறக்குறைய 400 அடி கீழே இருந்தது. இறங்கும் வேகத்தில் 2.1 மைல் என்பது ஐம்பது நொடிக்குச் சற்று முன்பின். நிமிடத்துக்கு 300 முதல் 500 அடி என்ற வேகத்தில் ஒரு சுழல் அதற்குள் 250 முதல் 420 அடி வரை இறங்கியிருக்கும். அந்த 400 அடி இதற்குள் அடங்குகிறது. வெஸ்ட்விண்ட் உருண்டு, மூக்குக் குத்தி விழுந்தது. ஐவரும் இறந்தார்கள்.

விசாரித்த அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம், போதிய இடைவெளி விடாததையோ 757-இன் பாதைக்கு மேலே இல்லாததையோ விமானியின் தவறாகச் சொன்னது. அத்துடன் நிற்கவில்லை. கண்ணால் பார்த்து இறங்குவதற்கான நடைமுறையே குறையுள்ளது, பெரிய விமானத்தின் பாதை எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ளத் தேவையான தகவல் விமானிகளுக்குக் கிடைக்கவில்லை என்றும் எழுதியது. முன்னே போவது 757 என்று அவர்களுக்குக் குறிப்பாகச் சொல்லப்படவும் இல்லை. என்னைக் கேட்டால், அறிக்கையில் கனமான பகுதி இந்த இரண்டாவது பாதிதான்.

இதற்கு ஏறக்குறைய ஓராண்டுக்கு முன், 1992 டிசம்பர் 18 அன்று, மொன்டானா மாநிலத்தின் பில்லிங்ஸ் நகரிலும் இதே கதை நடந்திருந்தது. அங்கும் முன்னே போனது 757. அங்கும் தெளிவான வானில் கண்ணால் பார்த்து இறங்கும் முறை. பின்னால் வந்த செஸ்னா சிட்டேஷன் என்ற சிறு ஜெட் மூன்று மைலுக்குக் குறைவான இடைவெளியில், 757-இன் பாதைக்குச் சுமார் 300 அடி கீழே வந்து கவிழ்ந்தது. எட்டுப் பேர் மாண்டார்கள்.

இரண்டையும் சேர்த்துப் பார்த்தபோது அட்டவணையின் ஓட்டையும் தெரிந்தது. அமெரிக்க விதிப்படி அப்போது 12,500 பவுண்டுக்கும் 3 லட்சம் பவுண்டுக்கும் நடுவில் உள்ளவை எல்லாமே ஒரே வகுப்பு. 23,500 பவுண்டு எடையோடு கிளம்பக்கூடிய வெஸ்ட்விண்டும், அதைப்போல் பத்து மடங்குக்கு மேல் கனக்கும் 757-உம் ஒரே கூட்டில் இருந்தன. பெரியது முன்னே, சிறியது பின்னே என்ற விதி காகிதத்தில் இவற்றுக்குப் பொருந்தவே இல்லை. 1994-இல் 757-க்குப் பின்னால் இடைவெளி கூட்டப்பட்டது. 1996-இல் எடை எல்லைகளே மாற்றி எழுதப்பட்டன. சிறியது என்ற வகுப்பு 41,000 பவுண்டு வரை நீட்டப்பட்டது.

பன்னாட்டு விதியில் 136 டன்னும் அதற்கு மேலும் இருந்தால் 'ஹெவி'. அப்படிப்பட்ட விமானத்தின் விமானி கட்டுப்பாட்டாளரிடம் முதலில் பேசும்போதே தன் அழைப்புப் பெயரோடு அந்தச் சொல்லையும் சேர்த்துச் சொல்வார். 7 டன்னும் அதற்குக் கீழும் என்றால் இலகு வகை. தொடக்கத்தில் சொன்ன 6 மைல் இந்த இரண்டுக்கும் இடையில் விடுவது. ஏ380 தனி வகை. அதன் பின்னால் இலகு விமானத்துக்கு 8 மைல்.

சுழல்தான் கீழே இறங்கிவிடுகிறதே, எல்லாரும் ஒரே சரிவில் ஒழுங்காக வந்தால் இந்த மைல் எல்லாம் எதற்கு என்று கேட்கலாம். ஒழுங்காக வருவார்கள் என்று யார் உத்தரவாதம் தருவது என்பது ஒரு பதில், 757-ஏ வரவில்லை. இன்னொரு பதில் தரைக்குப் பக்கத்தில் இருக்கிறது. அங்கே சுழலுக்கு இறங்க இடம் இல்லை. தரையைத் தொட்டுத் தொடாமல் இரண்டு சுழல்களும் ஒன்றை விட்டு ஒன்று விலகி, இரண்டு மூன்று நாட் வேகத்தில் பக்கவாட்டில் நகரும். அதே வேகத்தில் குறுக்குக்காற்று எதிராக வீசினால், ஒரு சுழல் நகராமல் ஓடுபாதை மேலேயே நின்றுவிடும். பலத்த காற்று சுழலைக் கலைத்துவிடுகிறது. விமானிகள் அதிகம் அஞ்ச வேண்டியது இந்த மெல்லிய காற்றைத்தான். சக்கரம் தரையில் பட்டு இறக்கையின் பாரம் நீங்கினால் சுழல் உருவாவதும் நின்றுவிடும். அதனால் சிறு விமானம் ஓட்டக் கற்பவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பது: பெரியவர் வந்த சரிவுக்கு மேலேயே வா, அவர் சக்கரம் தொட்ட இடத்தைப் பார்த்து வைத்துக்கொள், அதைத் தாண்டிப் போய் இறங்கு.

மைல் என்பது இங்கே நேரத்துக்கான மாற்றுக் கணக்குதான். 120 நாட் வேகத்தில் வரும் சிறு விமானத்துக்கு 6 மைல் என்றால் மூன்று நிமிடம். ரேடார் இல்லாத இடத்தில் கனரக விமானத்தின் பின்னால் இலகு விமானத்துக்கு விடுவதும் அதே மூன்று நிமிடம்தான். எதிர்க்காற்று பலமாக இருந்தால் அதே மைலைக் கடக்க அதிக நேரம் பிடிக்கும். ஓடுபாதை வீணாகக் காத்திருக்கும், அந்தக் காற்றில் சுழலும் சீக்கிரமே கலைந்துவிடும். இதைக் கணக்கில் எடுத்து லண்டன் ஹீத்ரோ 2015-இல், இறங்கும் விமானங்களுக்கு மைலுக்குப் பதிலாக நொடிக் கணக்கில் இடைவெளி விடத் தொடங்கியது. எதிர்க்காற்று கூடினால் திரையில் விமானங்கள் நெருங்கி வருகின்றன. காற்று ஓய்ந்த நாளில் பழைய மைல் கணக்கேதான்.