ஓடும் வண்டியில் அறுபடும் பேச்சு

பத்தாம் வகுப்பு மாணவி

சிங்கப்பெருமாள் கோவிலில் வசிக்கும் நம்மில் பலருக்கு இது பழகிப்போன அனுபவம். ஒரகடம் தொழிற்சாலையில் வேலை முடிந்து பேருந்தில் வரும் அம்மா, "எங்கேம்மா இருக்கே?" என்று கேட்கிறார். மின்சார ரயிலில் வரும் நாம் பதில் சொல்லத் தொடங்குகிறோம். குரல் கரகரக்கிறது, பானைக்குள்ளிருந்து பேசுவது போல மாறுகிறது, பிறகு நின்றே போகிறது. வீட்டில் இருப்பவர்களுக்கு உடனே கவலை. இது ஏன் நேர்கிறது என்று அறிந்துகொண்டால் அந்தக் கவலையில் பாதி குறையும். ஆகவே நாங்கள் அறிந்ததை இங்கே எழுதுகிறோம்.

கைப்பேசி எப்போதும் ஒரே டவருடன் பேசுவதில்லை. ஒவ்வொரு டவரும் தன்னைச் சுற்றியுள்ள சிறு பரப்பை மட்டுமே கவனித்துக்கொள்கிறது. இவ்வாறு நிலத்தைச் சிறு சிறு அறைகளாகப் பிரிக்கும் எண்ணத்தை 1947ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த டக்ளஸ் ரிங் என்பவர் எழுதி வைத்தார். நாம் ஓர் அறையிலிருந்து மற்றோர் அறைக்குள் செல்லும்போது, நம் பேச்சை ஒரு டவர் அடுத்த டவரிடம் ஒப்படைக்க வேண்டும். நம் பள்ளி விளையாட்டு விழாவின் தொடர் ஓட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். கோலைக் கைமாற்ற ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குள் மாற்றாவிட்டால் ஆட்டம் போயிற்று. கைப்பேசியிலும் அப்படியே.

இந்தக் கைமாற்றம் நடக்கும் முறையைப் பார்ப்போம். பேசிக்கொண்டிருக்கும்போதே நம் கைப்பேசி அக்கம்பக்கத்து டவர்களின் வலிமையையும் அளந்துகொண்டே இருக்கிறது. புதிய டவரின் சிக்னல் பழையதைவிட ஏறக்குறைய இரு மடங்கு ஆகி, அந்த நிலை ஒரு நொடியின் சிறு பகுதியேனும் நீடித்தால், கைப்பேசி அதைப் பழைய டவருக்குத் தெரிவிக்கிறது. பழைய டவர் புதிய டவரிடம், "உன்னிடம் இடம் இருக்கிறதா?" என்று கேட்கிறது. இடம் இருந்தால், "நீ அங்கே போ" என்று கைப்பேசிக்குக் கட்டளை அனுப்புகிறது. கைப்பேசி பழைய தொடர்பை விட்டுப் புதியதில் சேர்கிறது. எல்லாம் நல்லபடி நடந்தால் இவை அனைத்தும் ஒரு நொடிக்குள் முடிந்துவிடும். நம் காதுக்கு எதுவுமே தெரியாது.

இங்கேதான் சிக்கல் ஒளிந்திருக்கிறது. "போ" என்ற கட்டளை பழைய டவரிடமிருந்து, அதாவது தேய்ந்துகொண்டிருக்கும் தொடர்பின் வழியாகவே வர வேண்டும். தொடர்பு மிகவும் தேய்ந்துவிட்டால் அந்தக் கட்டளையே கைப்பேசியின் காதில் விழாது! புதிய டவர் அருகிலேயே வலிமையாக நின்றாலும், அதனிடம் போகச் சொல்லும் சொல் வந்து சேராததால் பேச்சு அறுந்துபோகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மறைமலைநகரை விட்டு சிங்கப்பெருமாள் கோவில் நோக்கி வரும் ரயில் மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் ஓடுகிறது என்று கொள்வோம். அது நொடிக்குச் சுமார் 17 மீட்டர். இரு டவர்களின் பரப்பும் 100 மீட்டர் தூரத்துக்கு ஒன்றன்மேல் ஒன்று படிந்திருந்தால், கைமாற்றத்துக்கு 6 நொடி கிடைக்கிறது. அது தாராளம். ஆனால் ஒரு பெரிய கட்டடம் மறைத்து அந்த இடம் 15 மீட்டராகக் குறுகினால், ஒரு நொடிகூட இல்லை. நடந்து செல்பவருக்கு அதே 15 மீட்டரைக் கடக்கப் பத்து நொடிக்கு மேல் ஆகும். அதனால்தான் நின்று பேசும்போது நன்றாயிருக்கும் இடம், ரயிலில் கடக்கும்போது மட்டும் சதி செய்கிறது.

ரயில் பெட்டியின் உலோக உடலும் அலைகளைத் தடுக்கிறது. அவை பெரும்பாலும் சன்னல், கதவு வழியாகவே உள்ளே வருகின்றன. திறந்த சன்னல்கள் கொண்ட சாதாரண மின்சார ரயிலில் இது அவ்வளவாகத் தெரியாது. 2025 ஏப்ரல் 19 அன்று சென்னைக் கடற்கரை – செங்கல்பட்டுத் தடத்தில் ஓடத் தொடங்கிய குளிர்சாதன ரயிலில் எல்லாம் மூடியிருப்பதால், அலைகள் கண்ணாடி வழியாகத்தான் நுழைய வேண்டும். எதிர்த்தடத்தில் மற்றொரு ரயில் கடந்தால் அதுவும் ஒரு சுவரே. பன்னிரண்டு பெட்டி ரயில் சுமார் 250 மீட்டர் நீளம். இரண்டும் 60 கி.மீ. வேகத்தில் ஓடினால் அந்தச் சுவர் ஏழெட்டு நொடி நம் பக்கச் சன்னலை மறைக்கும்.

பேருந்துக்கு வேறு தொல்லை. தொழிற்சாலை ஷிப்டு மாறும் நேரத்தில் ஒரகடம் சாலையில் பேருந்துகள் வரிசையாக வரும். நூற்றுக்கணக்கான கைப்பேசிகள் ஒரே டவரை நாடும்போது, "இடம் இருக்கிறதா?" என்ற கேள்விக்கு "இல்லை" என்ற விடை வரக்கூடும்.

இனி, குரல் மாறுவது எதனால்? நம் பேச்சு நொடிக்கு 50 துண்டுகளாக வெட்டி அனுப்பப்படுகிறது. ஒரு துண்டு வழியில் தொலைந்தால், கைப்பேசி முந்தைய துண்டையே சற்று மெலிதாக்கித் திரும்ப ஒலிக்கிறது. பல துண்டுகள் தொடர்ந்து தொலைந்தால் அதுவே இயந்திரக் குரலாகவும், பின்னர் மௌனமாகவும் ஆகிறது. பானைக்குரல் வேறு வகை. VoLTE அழைப்பில் பொதுவாக 50 முதல் 7000 ஹெர்ட்ஸ் வரையிலான ஒலிகள் செல்லும். 4ஜி சிக்னல் தேய்ந்து அழைப்பு 2ஜிக்கு இறங்கினால் 300 முதல் 3400 வரை மட்டுமே செல்லும். "ஸ்", "ஷ்" போன்ற ஒலிகள் மங்கிவிடும். 2ஜி வலை இல்லாத நிறுவனத்தின் அழைப்புக்கு இப்படி இறங்கவும் வழியில்லை.

இதிலிருந்து காரணத்தை நாமே கண்டறியலாம். தினமும் ஒரே இடத்தில் அறுந்தால் அங்கே சிக்னலில் பள்ளம் இருக்கிறது. ஒரே நேரத்தில், ஆனால் வெவ்வேறு இடங்களில் அறுந்தால் நெரிசல். குரல் பானைக்குள் போவதோடு திரையில் VoLTE என்ற எழுத்தும் மறைந்தால் அழைப்பு 2ஜிக்கு இறங்கிவிட்டது.

பேச்சு அறுந்தால் யார் பொறுப்பு? அறுபடும் அழைப்புக்கு 1 ரூபாய் வீதம், நாளுக்கு மூன்று அழைப்புகள் வரை நிறுவனங்கள் ஈடு தர வேண்டும் என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2015ஆம் ஆண்டில் விதி செய்தது. யாருடைய குறையால் அறுந்தது என்று பாராமல் ஈடு கேட்பது சரியன்று எனக் கூறி, 2016 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம் அந்த விதியை நீக்கியது. மேலே சொன்ன காரணங்களைப் படித்தவர்களுக்கு அந்த வழக்கின் சிக்கல் எளிதில் புரியும்.

பயணத்தில் இருக்கும் தோழியரே, அழைப்பு கிடைத்ததும் எங்கே இருக்கிறீர்கள், எங்கே இறங்குவீர்கள் என்பதை முதலில் சொல்லிவிடுங்கள். மற்றக் கதைகள் பிறகு. கூடுமானால் ரயில் நிலையத்தில் நிற்கும்போது பேசுங்கள். சிக்னலைத் தேடிக் கதவருகே ஒருபோதும் போகாதீர்கள். பேச்சு அறுந்தால் இரண்டு வரிச் செய்தி அனுப்புங்கள். சிக்னல் திரும்பியதும் அது தானே போய்ச் சேரும். பெற்றோரே, பாதியில் நின்ற குரல் என்றால் ஆபத்து என்று பொருளல்ல. பெரும்பாலும் உங்கள் மகள் மறைமலைநகரைத் தாண்டிவிட்டாள் என்றுதான் பொருள்.