நானூற்று இரண்டில் நூற்று எண்பத்தேழு போனால்

அன்புள்ள பெற்றோருக்கு,

“பக்கத்துல கடன் வாங்குன்னு சொன்னா, டீச்சர் அப்படிச் சொல்லித் தரலைங்கிறா. ஏதோ கோடு போட்டுத் தாவுறா” என்று போன வாரம் ஓர் அம்மா வருத்தப்பட்டார். உங்களில் பலருக்கும் இதே குழப்பம் இருக்கும்; அதனால்தான் எழுதுகிறேன்.

மூன்றாம் வகுப்பில் 402 − 187 கொடுத்தேன். சில நோட்டுகளில் விடை 385. எப்படி வந்தது? இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்து 5. சைபரில் எட்டு போகாது, அதனால் 8. நான்கில் ஒன்று போனால் 3. இதைக் கவனக்குறைவு என்று நினைக்காதீர்கள். ஜான் சீலி பிரவுன், ரிச்சர்டு பர்ட்டன் என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் 1978-இல் எழுதியதும் இதுதான்: இப்படித் தப்பும் பிள்ளைகளில் பலர் தவறான ஒரு விதியைப் பிசகாமல் பின்பற்றுகிறார்கள். அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு நானூற்று இரண்டு தெரியவில்லை. 4, 0, 2 என்று மூன்று தனித்தனி இலக்கங்கள்தான் தெரிகின்றன.

கோட்டில் அந்த எண் முழுசாக நிற்கிறது. 187-இலிருந்து 3 தாவினால் 190. இன்னும் 10 தாவினால் 200. அங்கிருந்து 200 தாவினால் 400, பிறகு 2. தாவியதைக் கூட்டினால் 215. மளிகைக் கடைக்காரர் 63 ரூபாய்க்கு நூறு ரூபாய் நோட்டு வாங்கிக்கொண்டு, “அறுபத்தஞ்சு, எழுபது, நூறு” என்று மீதியை எண்ணி வைப்பாரே, அதே வழி.

இதிலும் தவறு நேரும். 187-க்குப் பதில் 200-ஐக் கழித்து 202 என்று கண்டுபிடித்த ஒரு பையன், அதிகமாக எடுத்த 13-ஐத் திருப்பிச் சேர்க்காமல் மறுபடியும் கழித்து 189 என்று எழுதினான். கோட்டில் விரல் வைத்துக் காட்டச் சொன்னதும் அவனே திருத்திக்கொண்டான். எல்லாக் கணக்குக்கும் தாவல் தேவையும் இல்லை. 402 − 7 என்றால் பின்னோக்கி எண்ணினாலே போதும். 864 − 231-ஐ நேராகவே கழித்துவிடலாம்.

கடன் வாங்கும் முறையை நாங்கள் கைவிடவில்லை. குச்சிக் கட்டுகளை வைத்து அடுத்த பருவத்தில் வரும். நூறு குச்சிக் கட்டு ஒன்றைப் பத்துப் பத்துக் கட்டுகளாகப் பிரிப்போம். அதில் ஒரு கட்டை அவிழ்த்தால் பத்துக் குச்சி. அப்போது 402 என்பது 3 நூறு, 9 பத்து, 12 ஒன்று. சைபர் இருந்த இடத்தில் ஒன்பது ஏன் வந்தது என்பதைப் பிள்ளை கையாலேயே பார்க்கும். இதைக் ‘கடன்’ என்று சொல்ல எனக்கு மனம் வருவதில்லை. வாங்கியதை யாரும் திருப்பித் தருவதில்லையே! சில்லறை மாற்றுவது என்றால் பிள்ளைகளுக்குச் சட்டென்று புரிகிறது.

வீட்டில் தப்பான விடையைப் பார்த்தால் உடனே அழிக்கச் சொல்லாதீர்கள். “இதை எப்படிப் போட்டே?” என்று கேளுங்கள். பிறகு, வந்த விடையோடு 187-ஐக் கூட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். 385-உம் 187-உம் சேர்ந்தால் 572 ஆகும்.

அன்புடன்,
வகுப்பாசிரியை