பெருவிரலும் பொத்தானும்

கொட்டாஞ்சேனையில் இரும்புக்கடை வைத்திருக்கும் என் மைத்துனர், இரவில் கடையைப் பூட்டியபின் மகனின் கைத்தொலைபேசியில் பப்ஜி மொபைல் ஆடுவது வழக்கம். எதிரியைக் கண்டு குனிய எண்ணி அவர் பொத்தானை அழுத்தும்போதெல்லாம் திரையிலுள்ள வீரன் தரையில் நீட்டிப் படுத்துவிடுவதைப் பார்த்து, இந்த விளையாட்டுக்கே தமக்கு யோகமில்லை என்ற முடிவுக்கு அவர் வந்திருந்தார். குற்றம் யோகத்தில் இல்லை. குனியும் பொத்தானும் படுக்கும் பொத்தானும் அருகருகே இருக்க, அவருடைய பெருவிரல் இரண்டையும் ஒருசேர மூடியதே காரணம்.

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டு மேசையில், அணைத்த திரைமீது, ஆடும்போது வைப்பதுபோலவே விரலை வைத்தெடுக்கச் சொல்லி, கண்ணாடியில் பதிந்த எண்ணெய்த்தடத்தைப் பள்ளிக்கூட அடிமட்டத்தால் அளந்தேன். அகலம் 14 மில்லிமீற்றர். ஆனால் விரல் தொடும் பரப்பு முழுவதையும் திரை ஒரே புள்ளியாகச் சுருக்கி, ஏறக்குறைய அதன் நடுவைத்தான் கணக்கில் கொள்கிறது. அன்ட்ரோயிட் கருவிகளின் Developer options பகுதியில் Pointer location என்பதை இயக்கினால் அந்தப் புள்ளியில் குறுக்குக் கோடுகள் தோன்றும். விரல் படுத்தவாறு எட்டித் தொடும்போது, அது நுனியில் அன்றி அடிவிரற் பக்கமாகவே விழுவதை மைத்துனர் கண்ணாரக் கண்டார்.

ஆகவே விளையாட்டின் அமைப்புகளில் Controls பகுதிக்குள் Customize என்பதைத் திறந்தோம். அங்கே பொத்தானை விரலால் இழுத்து நகர்த்தலாம். தொட்டுத் தெரிவுசெய்தால் பருமனுக்கும் ஒளிபுகும் தன்மைக்கும் தனித்தனிச் சறுக்குக்கோல் கிடைக்கும். முதலில் அவர் எல்லாவற்றையும் பெரிதாக்கினார். பொத்தான்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி, நிலைமை முன்னிலும் மோசமாயிற்று. பெரிய விரலுக்கு வேண்டியது பெரிய பொத்தானைவிட அகன்ற இடைவெளி என்பதே என் அபிப்பிராயம். குனிவதையும் படுப்பதையும், நடுவுக்கு நடு 14 மில்லிமீற்றருக்குக் குறையாமல் பிரித்து, இரண்டையும் புள்ளி விழும் திசைக்குச் சற்றே இறக்கி வைத்தோம். சுடும் பொத்தானை மட்டும் பெரிதாக்கினோம்.

பெரிதான பொத்தான் காட்சியை மறைக்கும் என்பதால் அதை மங்கலாக்குவது நியாயமே. ஆனால் இதில் ஒரு சூட்சுமம் உண்டு: பொத்தான் கண்ணுக்குத்தான் மங்குகிறதே தவிர, தொடுகைக்கு மங்குவதில்லை. வலப்பக்கத் திரையை வருடித்தான் பார்வையைத் திருப்ப வேண்டும். அந்த வருடல் மங்கிய பொத்தானின்மேல் தொடங்கினால் பொத்தானே இயங்கிவிடும். பயிற்சிக் களத்தில் பார்வையைத் திருப்பப் போனவர் வீணே இருமுறை சுட்டபோது, அவர் வருடத் தொடங்குகிற இடத்தைக் கண்டறிந்து பொத்தானை அதற்கு அப்பால் தள்ளி வைத்தோம்.

மூன்று அமைப்புகளைத் தனித்தனியே சேமிக்கலாம் என்பது நல்லதாயிற்று. தகப்பனுடையதை இரண்டாவதாகச் சேமித்தோம், முதலாவது மெல்லிய விரல்களையுடைய மகனுக்காக இருந்தபடியே இருக்கிறது.